கணக்கு கேட்டால் சரியாக வருமா? விற்பனைத் தரவும் சாட்பாட்டும்

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனையின் அஞ்சல் குறியீட்டு எண் 605107. வில்லியனூருக்கு 605110. இந்த இரண்டையும் பார்ப்பவர், புதுச்சேரிக் கிராமங்கள் எல்லாம் 605இல்தான் தொடங்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் பாகூரின் எண் 607402. அது கடலூர் வரிசையில் வருகிறது. மறுபுறம், தமிழ்நாட்டின் விழுப்புரம் நகரத்துக்கு 605602. ஆகவே ஒரு விற்பனைத் தரவுத்தளத்தில் 605 என்று தொடங்கும் கடைகளை மட்டும் கூட்டினால், பாகூர் வெளியே போய்விடும், விழுப்புரம் உள்ளே வந்துவிடும். கணினி எந்தப் பிழையையும் காட்டாது. ரூபாயும் பைசாவுமாக ஒரு தொகை வந்து நிற்கும்.

அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் குறிப்பவை. அவை நிர்வாக எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. உள்ளூர்க்காரருக்கு இது தெரியும். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் வேலை இப்போது உள்ளூர் தெரியாத ஒன்றின் கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. முதலாளியோ மேலாளரோ "போன மாதம் புதுச்சேரியில் எவ்வளவு விற்றோம்?" என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டச்சு செய்கிறார். பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரி அதை எஸ்க்யூஎல் வினவலாக, அதாவது தரவுத்தளத்துக்குப் புரியும் கட்டளையாக, மாற்றுகிறது. அந்த வினவல் ஓடுகிறது. விடை திரும்பி வருகிறது. நடுவில் புரோகிராமர் யாரும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று, மாதிரி எழுதும் வினவல் தரவை அழித்துவிடலாம், கசியவிடலாம், பில் போடும் கணினியை முடக்கிவிடலாம். மற்றொன்று, வினவல் எந்தச் சேதமும் செய்யாமல் ஓடி, தவறான தொகையைச் சொல்லலாம். முதல் அபாயத்தைத் தடுக்கும் வழிகள் இன்று நன்றாகத் தெரிந்தவை. முறையாகச் செய்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதை எந்தப் பூட்டும் தடுக்காது. உழைப்பு அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

ஐம்பது ஆண்டு முயற்சி

மனித மொழியில் தரவுத்தளத்தைக் கேட்கும் ஆசை புதிதல்ல. 1971இல் ஹூஸ்டனில் நடந்த சந்திர அறிவியல் மாநாட்டில் வில்லியம் வுட்ஸ் குழுவினர் 'லூனார்' என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். அப்பல்லோ பயணங்களில் கொண்டுவரப்பட்ட நிலாக் கற்களின் வேதியியல் விவரங்களை நிலவியலாளர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேள்விகளில் 78 சதவீதத்துக்குச் சரியான விடை வந்தது. சிறு பிழைகளைத் திருத்திய பிறகு அது 90 சதவீதமாக உயர்ந்தது. அந்த அமைப்புக்கு நிலாக் கற்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தக் குறுகலே அதன் வெற்றிக்குக் காரணமாகவும் இருந்தது.

எந்தத் தரவுத்தளத்திலும் வேலை செய்யும் ஒன்றை உருவாக்க முயன்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தினர் 200 தரவுத்தளங்களையும் 10,181 கேள்விகளையும் கொண்ட 'ஸ்பைடர்' என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டார்கள். பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் அதில் 90 சதவீதத்துக்கு மேல் எட்டிவிட்டன. வேலை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2023இல் வந்த 'பேர்ட்' என்ற தொகுப்பு அந்த நினைப்பைக் கலைத்தது. அதில் இருந்தவை நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமான, அழுக்கு படிந்த தரவுகள். ஜிபிடி-4 அதில் எடுத்தது சுமார் 55 சதவீதம்; மனிதர்கள் எடுத்தது சுமார் 93 சதவீதம். 2024இல் பெரிய நிறுவனங்களின் உண்மையான தரவுத்தளங்களை வைத்து 'ஸ்பைடர் 2.0' வந்தது. பழைய ஸ்பைடரில் 90ஐத் தாண்டிய தொழில்நுட்பம் இங்கே சுமார் 21 சதவீதத்தில் நின்றது.

மாதிரிகள் அதன்பின் இன்னும் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் இந்த மூன்று தொகுப்புகளும் சேர்ந்து காட்டும் உண்மை மாறவில்லை. எஸ்க்யூஎல் இலக்கணம் மாதிரிகளுக்குக் கைவந்துவிட்டது. அந்தந்த நிறுவனத்தின் தரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது கைவரவில்லை. அது மாதிரிக்குள் இல்லை, கிடங்கில் வேலை செய்பவர்கள் தலைக்குள் இருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சிக்கலின் மையத்தைத் தொட்டது மும்பை ஐஐடி. அங்கே சுனிதா சராவகியும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் 2023இல் 'ஆம்பிக்யூடி' என்ற சோதனைத் தொகுப்பை உருவாக்கினார்கள். 3,000க்கும் மேற்பட்ட அதன் கேள்விகள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டு விதமான வினவலும் நியாயமானதே. இரண்டையும் முன்வைப்பதற்குப் பதிலாக மாதிரிகள் ஒரே பொருளில் ஒட்டிக்கொண்டு, அதே வினவலைச் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பத் தருகின்றன என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் பகுப்பாய்வு மென்பொருளில் 'ஆஸ்க் சியா' என்ற கேள்வி கேட்கும் வசதி இருக்கிறது. அதில் நிர்வாகி நெடுவரிசைகளுக்கு மாற்றுப் பெயர்களைப் பதிந்துவைக்கலாம். நிறுவனத்துக்குள் புழங்கும் சொல்லை இயந்திரத்துக்கு யாராவது கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த வசதியே சாட்சி.

'புதுச்சேரி' என்ற பெயரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அது ஒரு நகரம், ஒரு மாவட்டம், காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்றியப் பகுதி. மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் எல்லாவற்றுக்கும் 34தான். 2006 அக்டோபருக்கு முன் ஆங்கிலத்தில் அதிகாரப்பூர்வப் பெயர் வேறு என்பதால், பழைய வாடிக்கையாளர் பதிவுகளில் `Pondicherry`, புதியவற்றில் `Puducherry` என்று கலந்து கிடக்கும். "புதுச்சேரி விற்பனை" என்ற இரண்டு சொல்லுக்கு ஐந்தாறு வெவ்வேறு தொகைகள் வரமுடியும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரியான விடை.

முதல் வேலி: உரிமை

பாதுகாப்பை முதலில் பார்த்துவிடலாம். இதில் அடிப்படை விதி ஒன்றுதான்: தரவைத் தொடாதே என்று மாதிரியிடம் சொல்வது பாதுகாப்பு ஆகாது. தொட முடியாதபடி தரவுத்தளத்திலேயே உரிமையைக் குறைக்க வேண்டும்.

2025 ஜூலையில் நடந்த ரெப்லிட் சம்பவம் இதை உலகத்துக்குக் காட்டியது. ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் அந்த நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அந்தக் கருவி அழித்துவிட்டது. அறிவுரை இருந்தது, அழிக்கும் உரிமையும் கூடவே இருந்தது. சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் அதற்குப் பிறகுதான் அறிவித்தது.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் சாட்பாட்டுக்கென்று தனிக் கணக்கு உருவாக்குவது சில வரிகளில் முடிந்துவிடும்:

```sql
CREATE ROLE kelvi LOGIN;
GRANT USAGE ON SCHEMA paarvai TO kelvi;
GRANT SELECT ON ALL TABLES IN SCHEMA paarvai TO kelvi;
ALTER ROLE kelvi SET default_transaction_read_only = on;
ALTER ROLE kelvi SET statement_timeout = '10s';
```

இதில் உண்மையான காவல் நடுவில் உள்ள இரண்டு வரிகள்தான். `paarvai` என்ற தொகுதியில் இருப்பவற்றைப் படிக்க மட்டும் அவை அனுமதிக்கின்றன. கடைசி இரண்டு வரிகள் தொடக்க அமைப்புகள் மட்டுமே. உள்ளே வந்தவர் `SET` கட்டளையால் அவற்றை மாற்றிக்கொள்ள முடியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத இடங்களில்தான் ஓட்டை விழுகிறது.

அப்படி விழுந்த ஓட்டைக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மொழி மாதிரிகளைத் தரவுத்தளத்தோடு இணைக்க, ஆந்த்ரோபிக் நிறுவனம் போஸ்ட்கிரஸுக்கு ஒரு மாதிரி இணைப்பு நிரலை வெளியிட்டிருந்தது. படிக்க மட்டும் என்பது அதன் வாக்குறுதி. வரும் வினவலை `BEGIN TRANSACTION READ ONLY` என்ற வேலிக்குள் வைத்து அது ஓட்டியது. ஒரே உரையில் இரண்டு கட்டளைகள் வந்தால் ஏற்றுக்கொள்வதுதான் அதன் குறை என்று டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள்:

```sql
COMMIT; DROP SCHEMA public CASCADE;
```

முதல் கட்டளை படிக்க மட்டும் என்ற பரிவர்த்தனையை முடித்துவிடுகிறது. இரண்டாவது கட்டளை ஓடும்போது வேலி இல்லை. அட்டவணைகள் அனைத்தும் போய்விடும். அழிக்கும் உரிமை இல்லாத கணக்கில் இதே உரை வந்திருந்தால், தரவுத்தளமே மறுத்திருக்கும். வேலியை நிரலில் கட்டுவதற்கும் தரவுத்தளத்தில் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

கட்டிய வேலியைச் சோதிப்பது எளிது. அதே கணக்கில் உள்ளே போய், முதலில் `SET default_transaction_read_only = off` என்று மாற்றிவிட்டு, மூல அட்டவணையில் ஒரு `DELETE` எழுதிப் பார்க்க வேண்டும். `permission denied` என்று வர வேண்டும். போஸ்ட்கிரஸில் புதிதாக எழுதப்படும் செயற்கூறுகளை யாரும் இயக்கலாம் என்பது இயல்பு அமைப்பு. உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் செயற்கூறு ஏதாவது இருந்தால், `SELECT` ஒன்றின் வழியாகவே அதை இயக்கித் தரவை மாற்றிவிட முடியும். ஆகையால் அந்த உரிமைகளையும் ஒருமுறை எண்ணிப்பார்த்து விலக்கிவிட வேண்டும்.

ஓடும் முன் சோதனை

உரிமை குறைத்த பிறகும் ஒவ்வொரு வினவலையும் ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். பலர் இங்கே செய்வது சொல் தேடல்: உரையில் `DELETE`, `UPDATE` போன்ற சொற்கள் இருந்தால் தள்ளிவிடுவது. இது இரண்டு பக்கமும் தவறும். `last_update` என்ற நெடுவரிசை வந்தால் நல்ல வினவல் தள்ளுபடியாகும். `SELECT set_config('statement_timeout', '0', false)` என்று வந்தால், தடைச் சொல் ஏதும் இல்லாததால் உள்ளே போய், பத்து விநாடி வரம்பை நீக்கிவிடும். `SELECT`, `WITH` ஆகியவற்றில் தொடங்கும் வினவல்களை மட்டும் விடுவதும் போதாது. போஸ்ட்கிரஸில் `WITH` பகுதிக்குள் ஒரு `DELETE` உட்கார்ந்திருக்க முடியும்.

சரியான வழி, வினவலை இலக்கணப்படி பிரித்துப் பார்ப்பது. இதற்கு `sqlglot`, `pglast` போன்ற இலவச நூலகங்கள் உள்ளன. அவை வினவலை மரமாக விரித்துத் தரும். அந்த மரத்தில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஒரே ஒரு கட்டளைதான் இருக்கிறதா? மரத்தின் எந்தக் கிளையிலும் படிப்பதைத் தவிர வேறு செயல் இல்லையா? பயன்படுத்தப்பட்டிருக்கும் அட்டவணை, நெடுவரிசை, செயற்கூறு எல்லாம் அனுமதித்த பட்டியலில் உள்ளவையா? தடைப் பட்டியல் என்றைக்கும் முழுமையாகாது. அனுமதிப் பட்டியல் சின்னதாக இருக்கும். `SUM`, `COUNT`, `AVG` போன்ற இருபது, முப்பது செயற்கூறுகளில் விற்பனைக் கேள்விகள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது சுமை. பில் போடும் தரவுத்தளத்திலேயே சாட்பாட்டின் வினவலும் ஓடினால், மூன்று ஆண்டுப் பில்களைத் துழாவும் ஒரு கேள்வி காலை நேரத்து பில்லிங்கை மந்தமாக்கிவிடும். நகல் தரவுத்தளம் ஒன்றில் ஓட்டுவது நல்லது. வினவலுக்கு முன் `EXPLAIN` போட்டால், அதை ஓட்டாமலேயே எவ்வளவு வேலை பிடிக்கும் என்ற மதிப்பீடு கிடைக்கும். வரம்பைத் தாண்டினால் மறுத்துவிடலாம். `EXPLAIN ANALYZE` என்று எழுதிவிடக் கூடாது. அது வினவலை உண்மையிலேயே ஓட்டிவிடும்.

விடையின் அளவுக்கும் வரம்பு தேவை. ஆனால் 500 வரி வரம்பில் வெட்டுப்பட்ட பட்டியலை மாதிரி தானே கூட்டிச் சொன்னால், மொத்தம் குறைந்துவிடும். வெட்டுப்பட்டது என்ற செய்தி விடையோடு கட்டாயம் வர வேண்டும். கூட்டல் எப்போதும் தரவுத்தளத்திலேயே நடக்க வேண்டும்.

படிப்பதும் கசிவுதான்

படிக்க மட்டும் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட முடியாது. கடைக்காரரின் கைப்பேசி எண், கடன் பாக்கி, வீட்டு முகவரி எல்லாம் படிக்கக் கூடியவையே. வெளியில் உள்ள மாதிரிக்கு விடையை அனுப்பி வாக்கியமாக்கச் சொன்னால், இந்த விவரங்களும் கூடவே பயணம் போகின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது.

அதனால்தான் மேலே சொன்ன கணக்குக்கு மூல அட்டவணைகள் காட்டப்படவில்லை. `paarvai` தொகுதியில் இருப்பவை காட்சிகள், அதாவது மூல அட்டவணையிலிருந்து தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுத்துத் தைத்த அட்டவணைகள். கைப்பேசி எண் அங்கே இல்லை. ஆகவே எப்படிக் கேட்டாலும் வராது.

வினவலைத் தாண்டியும் கதவுகள் திறந்திருக்கலாம். இதே வேலையைச் செய்யும் 'வன்னா' என்ற பிரபலமான நூலகத்தில் 2024இல் `CVE-2024-5565` என்ற குறை கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே சிக்கல் எஸ்க்யூஎல்லில் இல்லை. விடையை வரைபடமாகக் காட்ட மாதிரி எழுதிய பைத்தான் நிரலை அது அப்படியே ஓட்டியது. கேள்வியைத் தந்திரமாக எழுதினால் அந்த நிரலுக்குள் எதையும் நுழைக்க முடிந்தது. மாதிரி எழுதும் வினவலைச் சோதித்துவிட்டு, அதே மாதிரி எழுதும் வரைபட நிரலைச் சோதிக்காமல் விட்டதன் விளைவு அது.

ஒரு பால் கிடங்கின் ஏப்ரல் 1

இவ்வளவு வேலிகளும் கட்டியாயிற்று என்று கொள்வோம். இப்போது இரண்டாவது அபாயத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். திருபுவனையில் ஒரு பால் விநியோகக் கிடங்கு. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள கடைகளுக்கு விடியற்காலையில் பாலும் தயிரும் போகின்றன. இப்போதைக்கு `paarvai` தொகுதியில் மூல அட்டவணைகளின் வடிவிலேயே மூன்று காட்சிகள் இருக்கின்றன. `shops` காட்சியில் கடைக்கு ஒரு வரி. `bills` காட்சியில் பில்லுக்கு ஒரு வரி. `bill_items` காட்சியில் பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. இணையச் சேவையகங்களில் அதுதான் வழக்கம்.

மேலாளர் கேட்கிறார்: "2025 ஏப்ரல் 1 அன்று பாகூர் கொம்யூனில் எல்லாப் பொருளும் சேர்த்து விற்பனை எவ்வளவு?" அன்று பாகூருக்குப் போனவை இரண்டே பில்கள். காலை 4:15க்கு மூன்று பொருள்களோடு ரூ.1,450. காலை 6:10க்கு இரண்டு பொருள்களோடு ரூ.900. சரியான விடை ரூ.2,350. மாதிரி எழுதக்கூடிய வினவல் இப்படி இருக்கும்:

```sql
SELECT SUM(b.total)
FROM paarvai.bills b
JOIN paarvai.bill_items i ON i.bill_id = b.id
JOIN paarvai.shops s ON s.id = b.shop_id
WHERE s.commune = 'Bahour'
  AND b.sold_at::date = DATE '2025-04-01';
```

வேலிகள் எல்லாவற்றையும் இது தாண்டிவிடும். ஒரே கட்டளை, படிப்பு மட்டும், அனுமதித்த அட்டவணைகள், சுமை சொற்பம். ஆனால் உள்ளே இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஏப்ரல் 1 காலை 4:15 என்பது அங்கே மார்ச் 31 இரவு 10:45. ஆகவே ரூ.1,450 பில் வெளியே போய்விடுகிறது. போனதோடு நில்லாமல் முந்தைய நிதியாண்டின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. மறுநாள், ஏப்ரல் 2 காலை 4:15க்கு ஒரே பொருளோடு போடப்பட்ட ரூ.520 பில், ஏப்ரல் 1 என்று எண்ணி உள்ளே வருகிறது. காலை பத்து மணிக்குத் திறக்கும் துணிக்கடையில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. பாதி வியாபாரம் ஐந்தரை மணிக்கு முன்பே முடிந்துவிடும் பால் கிடங்கில் தினமும் நடக்கும்.

இரண்டாவது இணைப்பு. "எல்லாப் பொருளும்" என்ற சொல்லைப் பார்த்து மாதிரி பொருள் அட்டவணையை இணைத்துவிட்டது. ஒரு பில்லில் இரண்டு பொருள் இருந்தால், அந்தப் பில்லின் மொத்தம் இரண்டு வரிகளில் வரும். கூட்டும்போது இரண்டு முறை சேரும். ரூ.900 பில் ரூ.1,800 ஆகிறது.

வினவல் தரும் விடை: 1,800 உடன் 520 சேர்ந்து ரூ.2,320. உண்மையான தொகையோடு முப்பது ரூபாய்தான் வித்தியாசம். ஒரு பிழை கூட்டியது, மற்றொன்று குறைத்தது. இரண்டும் சேர்ந்து நம்பத்தகுந்த தொகையாகிவிட்டன. தினமும் இரண்டாயிரத்துச் சொச்சம் பார்த்துப் பழகிய மேலாளர் இதைச் சந்தேகிக்க வழியே இல்லை. தொகை நியாயமாகத் தெரிகிறதா என்று பார்ப்பதை ஒரு சோதனையாக நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

பிழையை எப்படிப் பிடிப்பது?

தொகையோடு அதன் ஆதாரத்தையும் கேட்டால் பிடித்துவிடலாம். ஒவ்வொரு விடைக்கும் கீழே மூன்று விவரங்கள் தானாக வர வேண்டும்: எத்தனை வரிகள் கூட்டப்பட்டன, அவை எத்தனை பில்களைச் சேர்ந்தவை, முதல் பில்லும் கடைசிப் பில்லும் இந்திய நேரப்படி எப்போது. மேற்சொன்ன வினவலுக்கு இவை இப்படி வரும்: 3 வரிகள், 2 பில்கள், முதலாவது ஏப்ரல் 1 காலை 6:10, கடைசி ஏப்ரல் 2 காலை 4:15. வரி எண்ணிக்கையும் பில் எண்ணிக்கையும் ஒத்துப்போகாததால், பில் மொத்தத்தைக் கூட்டும் வினவலில் இரட்டிப்பு நடந்திருக்கிறது என்பதை நிரலே கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். ஏப்ரல் 2 என்ற தேதியைக் கிடங்கில் வேலை செய்யும் எவரும் கண்டுபிடித்துவிடுவார். எஸ்க்யூஎல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதைவிட நல்லது, அந்தப் பிழைக்கு இடமே தராத காட்சியைத் தருவது. பில்லுக்கு ஒரே வரி. நாள் ஏற்கெனவே இந்திய நேரத்துக்கு மாற்றப்பட்ட தனி நெடுவரிசை. கொம்யூன் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில். அப்போது மாதிரி எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```sql
SELECT SUM(total)
FROM paarvai.bills
WHERE commune = 'Bahour'
  AND sale_day = DATE '2025-04-01';
```

விடை ரூ.2,350. இங்கே திறமையைக் காட்டியது மாதிரி அல்ல, அந்தக் காட்சியைத் தைத்தவர். கொம்யூன் என்ற நெடுவரிசையை நிரப்ப, ஒவ்வொரு கடையும் எந்தக் கொம்யூனைச் சேர்ந்தது என்று விநியோக வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பட்டியல் எழுதியாக வேண்டும். அஞ்சல் எண்ணை வைத்து ஊகித்தால் பாகூர் விடுபட்டுப்போகும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். `Tirubuvanai`, `Thirubuvanai`, `Thirubhuvanai` என்று மூன்று விதமாகப் பதிந்த ஊர்ப் பெயர்களையும் அந்தச் சமயத்திலேயே ஒன்றாக்கிவிடலாம்.

எத்தனை காட்சி தைத்தாலும் இருபொருள் கேள்விகள் மிஞ்சும். "இந்த ஆண்டு" என்றால் ஜனவரியிலிருந்தா, ஏப்ரலிலிருந்தா? "விற்பனை" என்றால் திரும்பி வந்த பாலைக் கழித்தா, கழிக்காமலா? இவற்றுக்குக் கிடங்கின் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி மாதிரிக்குத் தர வேண்டும். எழுதாத ஒன்றைக் கேட்டால், மாதிரி ஊகிக்காமல் திருப்பிக் கேட்கும்படி அமைக்க வேண்டும். வினவலை ஓட்டுவதற்கு முன் அதன் பொருளை எளிய தமிழில் ஒரு வரியாகக் காட்டுவதும் உதவும்: பாகூர் கொம்யூன், ஏப்ரல் 1 இந்திய நேரம், திரும்பியவை கழிக்கப்பட்டன. ஆனால் அந்த வரியை மாதிரியின் கற்பனைக்கு விட்டால், வினவல் ஒன்று செய்ய விளக்கம் வேறொன்று சொல்லும். பிரித்தெடுத்த வினவல் மரத்திலிருந்து, நிரல் தானே அந்த வரியைத் தொகுக்க வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விற்பனை ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு எந்த வினவலும் விடை தராது. எந்தக் கடையில், எந்த நாளில், எந்தப் பொருளில் குறைந்தது என்பதுவரைதான் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதற்கு மேல் மாதிரி எழுதும் காரணம் வெறும் ஊகம். அப்படிப்பட்ட கேள்விகளை இந்த ஏற்பாட்டின் வெளியே வைப்பதே நேர்மை.

புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில் இருக்கும் ஒரு நடுத்தர மொத்த வியாபாரி இப்படி ஒன்றை வாங்க நினைத்தால், விற்க வருபவரிடம் முதலில் காட்ட வேண்டியது கேள்விப் பட்டியல். போன ஆண்டுக் கணக்கிலிருந்து முப்பது கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சரியான விடையைத் தன் கணக்கரிடம் கையால் கூட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஐந்து, விடியற்காலை பில்களைத் தொடுபவையாக இருக்கட்டும். ஐந்து, மார்ச் 31ஐயும் ஏப்ரல் 1ஐயும் தாண்டுபவையாக இருக்கட்டும். ஐந்து, பாகூரையும் விழுப்புரத்தையும் பிரிப்பவையாக இருக்கட்டும். முப்பதுக்கும் சரியான விடையோ, தெரியவில்லை என்ற மறுப்போ வந்தால் வாங்கலாம். தவறான தொகையைத் தயக்கமின்றிச் சொன்ன கேள்வி ஒன்றிருந்தாலும், அதற்குக் காரணமான காட்சியைத் திருத்தி, முப்பதையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மாதிரியை மாற்றும்போதும் அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்கும்போதும் அதே முப்பது கேள்விகளை மீண்டும் ஓட்ட வேண்டும்.